தொண்ணூறு டிகிரி

ஒரு போட்டோவைத் தொண்ணூறு டிகிரி திருப்பினேன். நான் பண்ணின தப்பு அவ்வளவுதான். அதனால ஒரு மனுஷன் ஆபீஸ் ரூம் வாசலில் அரை மணி நேரம் கைகட்டி நின்றார். அந்தக் கதையைத்தான் எழுதப் போறேன்.

போன பிப்ரவரியில் நம்ம சிம்போசியத்துக்கு நேச்சர் கிளப் சார்பில் ஒரு போஸ்டர் வெச்சோம், ஞாபகம் இருக்கும். தலைப்பு "நம்ம கேம்பஸ் தட்டான்கள்". மொத்தம் 12 படம், ஒரு வரிசைக்கு நாலு, எல்லாமே அகலவாட்டு ஃபிரேம். என் போனில் இருந்த ஏழாவது படம் மட்டும் நெட்டுக்குத்தாக இருந்தது. கிரிட்டில் உட்காரவில்லை. கிராப் பண்ணினால் இறக்கை வெட்டுப்படுது. சரி, திருப்பிப் பார்ப்போம்னு திருப்பினேன். அழகாக உட்கார்ந்தது. செங்குத்தாக நிற்கும் ஒரு தண்டு, அதைப் பிடிச்சுக்கிட்டு படுக்கைவசமாக ஒரு மஞ்சள் தட்டான். குளத்தோரப் புல்லில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

படம் எடுத்தது அக்டோபரில், ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கிற மழைநீர்க் குட்டைப் பக்கம். பெயர் கண்டுபிடிக்க உட்கார்ந்தது ஜனவரி கடைசியில். நடுவில் மூணு மாசம். எடுத்த இடத்தில் அது எப்படி இருந்ததுங்கிறது சுத்தமாக மறந்துபோச்சு. என் கையில் இருந்தது திருப்பின படம் மட்டும்தான்.

மஞ்சள் உடம்பு. நிறமில்லாத இறக்கை. இறக்கை நுனிப் பக்கம் சிவப்புச் சாயலில் சின்னப் பொட்டு. தண்ணியோரமாகத் தண்டில் கிடைமட்டமாக உட்கார்ந்திருக்கு. இந்த நாலையும் வெச்சுத் தேடினால் நேராக ஒரு பெயரில் போய் நிற்கும்: டிட்ச் ஜுவல், பெண். சாக்கடை, கழிவுநீர் கலந்த குளம் மாதிரி அழுக்குத் தண்ணியிலும் தாராளமாகப் பெருகும் தட்டான் அது. அறிவியல் பெயரே பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. படத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்: "சாக்கடை நீரின் அடையாளம். நம் குட்டையிலும் கழிவுநீர் கலக்கிறதா?"

கேள்விக்குறி போட்டால் குற்றச்சாட்டு இல்லைன்னு நினைச்சேன்.

சிம்போசியத்துக்கு வந்த ஒருத்தர் அதைப் படிச்சிட்டு ஆபீஸில் கேட்டிருக்கார். ஆபீஸ், அந்தக் குட்டையையும் பைப் லைனையும் பார்த்துக்கிற அண்ணனைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்கு. மறுநாள் சாயங்காலம் போஸ்டரைக் கழட்டிக்கிட்டு இருந்தப்போ அவரே வந்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, ஹாஸ்டல் தண்ணி ஒரு சொட்டு அந்தக் குட்டைல விழாதுங்க. மொட்டை மாடி மழைத்தண்ணி மட்டும்தான். அந்த லைன் நான் போட்டது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏழாவது படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்ச்சும் பார்த்தார்.

"இது வேலியோரம் காஞ்ச குச்சில தொங்கிட்டிருந்ததுதானே? நீங்க எடுக்கையில நான் அங்கதான் மோட்டார் போட வந்தேன். தொங்குறத ஏன் படுக்க வெச்சீங்க?"

எனக்கு அப்போ அவர் சொன்னதோட அர்த்தம் முழுசாகப் புரியவில்லை. ஆனால் அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டலில் படம் எடுத்த பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன்.

முதலில் ஒரு சந்தேகம் தீரணும். எது மேலே, எது கீழே? போனுக்குள் ஆக்சிலரோமீட்டர் இருக்கு. படம் எடுக்கிற நொடியில் புவியீர்ப்பு எந்தப் பக்கம்னு பார்த்து, போனை எப்படிப் பிடிச்சிருந்தோம்ங்கிறதை ஃபைலுக்குள் எழுதி வெச்சிடும். லேப்டாப்பில் ஒரே ஒரு வரி போதும்:

```
exiftool -Orientation -DateTimeOriginal IMG_4127.jpg

Orientation         : Rotate 90 CW
Date/Time Original  : 2023:10:19 10:42:08
```

"Rotate 90 CW" என்றால், சென்சார் படத்தைப் படுக்கையாகச் சேமிச்சிருக்கு, பார்க்கும்போது வலப்பக்கமாகத் தொண்ணூறு டிகிரி திருப்பிக் காட்டுன்னு அர்த்தம். அதாவது போனை நெட்டுக்குத்தாகப் பிடிச்சிருந்தேன். அப்படிக் காட்டினால் குச்சி படுக்கையாகவும் தட்டான் அதிலிருந்து நேராகக் கீழே தொங்குவதாகவும் வருது. நான் திருப்பிச் சேமிச்ச காப்பியில் இதே கமாண்டைப் போட்டால் "Horizontal (normal)" என்று வந்தது. எடிட்டிங் ஆப் என் பொய்யை அப்படியே உண்மை மாதிரி எழுதி வெச்சிருக்கு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பின படமென்றால் இந்தத் தகவலே இருக்காது. போனை நேராக வானத்தைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ பிடிச்சு எடுத்திருந்தாலும் இந்த வரியை நம்ப முடியாது, ஏன்னா அப்போ எந்த ஓரம் மேலேன்னு போனுக்கே தெரியாது. என் படம் நெஞ்சு உயரத்தில் நேர்ப்பார்வையில் எடுத்தது, அதனால் நம்பலாம்.

ஃபைலில் எதுவும் இல்லைன்னாலும் படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கு. தட்டானோட பெரிய கண்ணில் சூரிய ஒளி பட்டு ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். காலை பத்தே முக்காலுக்குச் சூரியன் நல்லா மேலே ஏறியிருக்கும், அதனால் அந்தப் புள்ளி கண்ணோட மேல்பக்கம் இருக்கணும். நான் திருப்பின படத்தில் அது பக்கவாட்டில் இருந்தது. சூரியன் பக்கத்துச் சுவர் உயரத்தில் நின்று அடிச்ச மாதிரி. ஒரு மாசம் போஸ்டரில் உழைச்சோம், அந்தப் புள்ளியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

தொங்குது என்றால் என்ன ஆச்சு? இங்கேதான் விஷயமே இருக்கு.

தட்டான்களைப் பத்தி ஆயுள் முழுக்க ஆராய்ஞ்ச பிலிப் கார்பெட் என்ற பிரிட்டிஷ் பூச்சியியலாளர், அவற்றைப் பழக்கத்தை வெச்சு ரெண்டாகப் பிரிச்சார்: பறப்பவை, அமர்பவை. அமரும் தட்டான் ஒரு புல் நுனியிலோ குச்சியிலோ உட்கார்ந்து காவல் காக்கும். கொசு போனால் பாய்ஞ்சு பிடிக்கும், இன்னொரு ஆண் வந்தால் துரத்தும், திரும்ப அதே இடத்துக்கு வரும். அது உட்கார்ந்திருக்கிறது வேலைநேரத்தில். அதனால் உடம்பு பெரும்பாலும் கிடைமட்டம், தலை வானத்தைப் பார்த்துத் திரும்பும், கொஞ்ச நேரத்தில் இறக்கைகளை முன்னுக்கும் கீழுக்கும் சாய்ச்சு வெச்சுக்கும். டிட்ச் ஜுவல் இந்த ரகம். தண்ணிக்கு ஓரடி, ரெண்டடி உயரத்தில்தான் அதோட ராஜ்ஜியம்.

பறக்கும் ரகம் வேற. வேலைநேரம் முழுக்க அது காற்றில்தான் இருக்கும். இரை தேடுறது, சாப்பிடுறது எல்லாம் அங்கேயே. உட்காருவது ஓய்வுக்கு மட்டும். உட்காரும்போது கிளைக்குக் கீழே காலைக் கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டு, உடம்பைச் செங்குத்தாகவோ கொஞ்சம் சாய்வாகவோ தொங்கவிடும். இறக்கை ரெண்டு பக்கமும் விரிஞ்சபடி தட்டையாக இருக்கும். ஆக, தொங்குற தட்டானும் படுத்திருக்கிற தட்டானும் ஒரே பூச்சியோட ரெண்டு போஸ் இல்லை. பெரும்பாலும் அவை வேற வேற வாழ்க்கை வாழ்றவை. நான் படத்தைத் திருப்பினப்போ, நாள் முழுக்கப் பறந்துட்டு ஓய்வெடுத்த ஒன்றைக் குளத்தோரக் காவல்காரனாக மாத்திட்டேன்.

மஞ்சள் உடம்பு, நிறமில்லாத இறக்கை, தொங்குவது. இப்படிப் பார்த்தால் முதல் சந்தேகம் பன்டாலா ஃபிளாவசென்ஸ் மேலே போகும். ஆங்கிலத்தில் வாண்டரிங் கிளைடர். மழைக்கு முன்னாடி கிரவுண்டுக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் பறக்குமே, தட்டான் தாழப் பறந்தால் மழைன்னு நம்ம வீட்டில் சொல்வாங்களே, அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஆனால் தொங்குறதை மட்டும் வெச்சு முடிவு கட்டினால் முதல் தப்பையே திரும்பப் பண்ணின மாதிரி ஆகும். பகலில் நிழலில் தொங்கிட்டு சாயங்காலம் மங்கின வெளிச்சத்தில் பறக்கிற தோலிமிஸ் என்ற தட்டானும் இருக்கு. அதோட பின் இறக்கை நடுவில் பழுப்புத் திட்டு இருக்கும், பெண்ணுக்கு அது கொஞ்சம் மங்கலாக இருக்கும். என் படத்தில் திட்டே இல்லை. சரி, இன்னும் ஒரு ஆதாரம் வேணும்.

அளவு. பன்டாலா உடம்பு கிட்டத்தட்ட 45 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். டிட்ச் ஜுவல் 30 மில்லிமீட்டர் வாக்கில். நேரில் பார்த்தால் குழப்பமே வராது. போட்டோவில்தான் வரும், ஏன்னா ஜூம் பண்ணி ஃபிரேமை நிரப்பினால் எல்லாத் தட்டானும் ஒரே சைஸ்.

மறுநாள் காலையில் வேலிப் பக்கம் போனேன். குச்சி அப்படியே இருந்தது. படத்தில் இருக்கிற கணுவையும் முறிஞ்ச நுனியையும் ஒப்பிட்டு அதே இடத்தைக் கண்டுபிடிச்சு, லேபிலிருந்து கேட்டு வாங்கின வெர்னியர் காலிப்பரை வெச்சேன். தடிமன் 3.2 மில்லிமீட்டர். படத்தில் அதே இடம் 64 பிக்சல். தலையிலிருந்து வால் நுனிவரை 920 பிக்சல்.

920 ÷ 64 × 3.2 = 46 மில்லிமீட்டர்.

ஃபர்ஸ்ட் இயரில் பிசிக்ஸ் லேபில் பிழை கணக்கு போடச் சொன்னப்போ எதுக்குடா இதுன்னு திட்டினவன் நான். இங்கே அது இல்லாமல் முடியவில்லை. குச்சியோட ஓரம் படத்தில் கொஞ்சம் கலங்கலாகத் தெரியுது, நாலு பிக்சல் கூடவோ குறையவோ இருக்கலாம். அப்படி வெச்சாலும் 43-லிருந்து 49-க்குள் வரும். தட்டான் குச்சியைக் காலால் பிடிச்சிருக்கிறதால் ரெண்டும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், அதனால் இந்தக் கணக்கு செல்லும். உடம்பு கேமராவை நோக்கிச் சாய்ஞ்சிருந்தால்? சாய்வு நீளத்தைக் குறைச்சுத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அப்போ நிஜ நீளம் இன்னும் அதிகம். எந்தப் பக்கம் தப்பு நடந்திருந்தாலும் 30-க்கு இறங்காது.

அதுக்கப்புறம் பார்த்தால் மத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சது. பின் இறக்கை உடம்போடு சேருகிற இடம் பட்டம் மாதிரி அகலமாக இருக்கு. நீண்ட தூரம் மிதந்து போகிறதுக்கான இறக்கை அது. வால் நுனிக்கு முன்னாடி மேல்பக்கம் கறுப்புக் குறிகள். ரெண்டுமே பன்டாலாவுக்கு உரியவை. மூணு மாசமாகப் படத்தில் இருந்தவைதான். நான் மனசில் ஒரு பெயரை முடிவு பண்ணிட்டுப் பார்த்ததால் படவில்லை.

இப்போ அந்தக் கேள்விக்குறிக்கு வருவோம். பன்டாலா நம்ம குட்டையைப் பத்தி என்ன சொல்லுது? ஒண்ணும் சொல்லலை. மழை பெய்ஞ்சு தேங்குகிற தற்காலிகத் தண்ணியில் முட்டையிட்டு, குஞ்சு ஒன்றரை ரெண்டு மாசத்துக்குள் வளர்ந்து, பறந்து போய்விடும் பூச்சி அது. மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், வருஷாவருஷம் அக்டோபர் வாக்கில் அங்கே இந்தத் தட்டான்கள் கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனிச்சார். அந்தத் தீவுகளில் தட்டான் பெருகுகிற அளவுக்கு நன்னீரே கிடையாது. அப்போ இவை எங்கிருந்து வருது? இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு வழியாக, கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகுதுன்னு 2009-ல் கட்டுரை எழுதினார். என் படத்தோட தேதி அக்டோபர் 19. வேலிக் குச்சியில் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்த ஒரு வழிப்போக்கனைச் சாட்சிக் கூண்டில் ஏத்தி, "இந்தக் குட்டை சாக்கடை"ன்னு சொல்ல வெச்சிருக்கேன். அந்த ஒரு தட்டான் கடல் தாண்டுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதை வெச்சுக் குட்டையைச் சாக்கடைன்னு சொல்ல முடியாதுங்கிறது மட்டும் நிச்சயம்.

இந்தப் பாடத்தோட போஸ்டரில் இருந்த மீதிப் பதினோரு படத்தையும் பழைய ஃபைலோடு ஒப்பிட்டேன். நாலாவது படத்திலும் மாட்டினேன். ரோஸ் கலந்த சிவப்பில் ஒரு ஆண் தட்டான், கிரிம்சன் மார்ஷ் கிளைடர், குட்டையோரக் குச்சி நுனியில் வாலை வானத்துக்குத் தூக்கி நிற்கும். (வால்னு நாம சொல்றது அதோட வயிறுதான், அது வேற விஷயம்.) "எதிரியை மிரட்டும் கோபம்"னு எழுதியிருந்தோம். படம் எடுத்தது ஏப்ரல் மூணாவது வாரம், நேரம் 12.25. கோவைப் பக்கம் அந்த வாரத்தில் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் இருக்கும், அதுவும் 12.20 வாக்கில். வால் நுனி நேராகச் சூரியனைப் பார்த்து நிற்குது. கத்தரி வெயிலில் நாம குடையைச் சூரியன் பக்கம் சாய்ப்போம். இதுக்குக் குடை இல்லை, அதனால் உடம்பையே ஊசி மாதிரி வெயிலுக்கு நேராகத் திருப்பி, வெயில் படும் பரப்பைக் குறைச்சுக்குது. கோபம் இல்லை, சூடு.

இதைச் சோதிச்சுப் பார்க்கலாம். போன ஏப்ரலில் அதே குச்சிப் பக்கம் மூணு தடவை போய், தூரத்திலிருந்து ஒரு டிராயிங் போர்டைப் பிடிச்சு அதுமேல் நிழல் விழ வெச்சேன். ரெண்டு தடவை பயந்து பறந்துடுச்சு. மூணாவது தடவை நிழல் விழுந்த கொஞ்ச நேரத்தில் வாலை மெல்ல இறக்கிச்சு. போர்டை எடுத்ததும் திரும்பத் தூக்கிச்சு. ஆனால் சில ஆண் தட்டான்கள் எதிராளி வந்தால் மிரட்டவும் வாலைத் தூக்கும். அப்போ பக்கத்தில் இன்னொரு தட்டான் இருக்கும், தூக்கினதும் சில நொடிதான் நிற்கும், சூரியன் எந்தப் பக்கம் இருக்குங்கிறதைப் பத்திக் கவலைப்படாது. ஒரே ஒரு போட்டோவில் இந்த ரெண்டையும் பிரிக்க நேரமும் சூரியன் இருந்த திசையும் வேணும். திருப்பின போட்டோவில் அந்த ரெண்டாவது போயே போச்சு.

அப்போ குட்டையில் உண்மையிலேயே என்ன பெருகுதுன்னு எப்படிச் சொல்றது? பறக்கும் தட்டானை வெச்சுச் சொல்லக்கூடாது, அதுக்கு இறக்கை இருக்கு, எங்கிருந்து வேணும்னாலும் வரும். தண்ணிக்குள் வளர்ந்த குஞ்சு வெளியே ஏறி, தோலை உரிச்சுட்டுத் தட்டானாகப் பறக்கும். அந்தக் காஞ்ச கூடு கோரைத் தண்டில் ஒட்டிக்கிட்டு இருக்கும். அது இருந்தால்தான் அந்தத் தண்ணியில் பிறந்ததுன்னு சொல்ல முடியும். குட்டையோரத்தில் தேடினப்போ கூடுகள் கிடைச்சது. எந்த இனம்னு சொல்ல நான் இன்னும் கத்துக்கலை, அதனால் எழுதவில்லை. டிட்ச் ஜுவலும் கேம்பஸில் இருக்கு. மெஸ்ஸுக்குப் பின்னால் ஓடுற வாய்க்கால் ஓரம், புல் நுனியில் கிடைமட்டமாக, இறக்கையைக் கீழே சாய்ச்சு, ஆரஞ்சு இறக்கையோட ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கு. அந்த வாய்க்கால் அண்ணனோட பொறுப்பில் இல்லை.

திருத்தின போஸ்டர் இப்போ லைப்ரரி மாடிப்படிப் பக்கம் இருக்கு. ஏழாவது ஃபிரேம் மட்டும் நெட்டுக்குத்தாக நீண்டு, கீழ் வரிசைக்குள் இறங்கி நிற்கும். டிசைன் பண்ணின ஜூனியர் அலைன்மென்ட் கெட்டுப்போச்சுன்னு இன்னும் என்னைத் திட்டுறான். ஆபீஸுக்கு என் பெயர் போட்டு ஒரு கடிதம் கொடுத்தேன், தப்பு எங்கே நடந்ததுன்னு கணக்கோடு. அதோட காப்பியை அண்ணன்கிட்ட கொடுத்தப்போ அவர் படிக்கவில்லை, மடிச்சு சட்டைப் பையில் வெச்சுக்கிட்டார். அப்புறம் போஸ்டர் முன்னாடி போய் நின்றார்.

"இப்போ சரியாத் தொங்குதுங்க" என்றார்.

இந்தத் தடவை அவர் தலையைச் சாய்க்கவில்லை.